லமினேற்றரும் கட்டார் முத்திரையும்

மல்லாவியில் பஸ்ஸால் இறங்கி, கதிர்காமநாதனின் கடை எது என்று கேட்டால் ஆளை ஆள் பார்ப்பார்கள். லமினேற்றர் கடை என்று கேட்டுப் பாருங்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் கையில் இருக்கிற குவளையாலேயே திசை காட்டுவார். சந்தைக்குப் போகிற வழியில், உரக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் நெரிபட்டுக்கொண்டிருக்கிற சின்னக் கடை அது. உள்ளே ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு மேசை, இரண்டு கதிரை. மேசையில் கறுப்பு நிறத்தில் அந்த லமினேற் மெஷின். கடை திறந்ததும் சாமிப் படத்துக்கு விளக்கு வைக்க முதல் அதன் சுவிச்சைத்தான் போடுவார். சூடேற வேண்டுமல்லவா, சாமி கொஞ்சம் பொறுக்கும் என்பார்.

அந்த மெஷினுக்குள் போகாத கடதாசி மல்லாவியில் குறைவு. பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், பரீட்சைப் பெறுபேறு, கோயில் திருவிழா உபய அட்டை என்று எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, விளிம்பு நேராக்கி, உள்ளே தள்ளி, மறுபக்கம் சுடச்சுட இழுத்தெடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒருமுறை ஒரு பெடியன் காதல் கடிதத்தைக் கொண்டுவந்தான். கதிர்காமநாதன் வாசிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே போட்டுக் கொடுத்தார். அந்தக் காதல் ஒரு வருசமும் தாங்கவில்லை. கடிதம் இன்னும் புதுசாகவே இருக்கிறதாம்.

போட்டோக்கொப்பிக்கு வருகிறவர்களையும் அவர் சும்மா விடமாட்டார். மூலப்பிரதியைக் கையில் வாங்கினதுமே கதை தொடங்கிவிடும். “இதென்ன பிள்ளை, இப்பிடியே வெறுமையா வைச்சிருக்கிறியள்? கரைஞ்சுபோக ஒரு மழை காணும். ஒரு கறையான் காணும். போடுறன், நில்லுங்கோ.” காசில்லை என்றாலும் போடுவார். இந்த மனுசனுக்குப் பிளாஸ்ரிக் பைத்தியம் என்று தையற்கடை சிற்றம்பலம் வாய்விட்டுச் சிரிப்பார். சிரிக்கிற அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் லமினேற் பண்ணியதுதான்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை நெருங்கி எல்லாரும் ஓடியபோது கதிர்காமநாதனும் ஓடினார். வீட்டுப் பத்திரங்கள் முழுவதையும் ஒரு தோள்பைக்குள் திணித்திருந்தார். காணி உறுதி, கலியாணப் பதிவு, தன்னுடைய பெறுபேறு, மகள் சாரங்காவின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். மனைவி சிவலட்சுமி முன்பள்ளி ரீச்சர். அவள் தன்னுடைய பயிற்சிச் சான்றிதழை மட்டும் அந்தப் பைக்குள் வைக்க விடவில்லை. அதை நாலாக மடித்து, வெறுமையான பால்மாப் பைக்குள் போட்டு, மெழுகுதிரியால் வாயை ஒட்டி, மகளின் சட்டைக்குள் கட்டிவிட்டாள். “உங்கட பை நனைஞ்சாலும் என்ர படிப்பு நனையாது” என்று பகிடி விட்டாள். அந்த நேரத்திலும் அவளுக்குப் பகிடி வந்திருக்கிறது.

வட்டுவாகல் பாலத்தடித் தண்ணீரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தபோது சிவலட்சுமி இல்லை. அதை அதற்குமேல் விரித்துச் சொல்ல எனக்கு மனமில்லை, அவரும் சொல்வதில்லை. முகாமில் பையைத் திறந்து பார்த்தார். எல்லாம் கூழ். மை கரைந்து, எது உறுதி எது பதிவு என்று தெரியாத நீலக் கூழ். பேர் என்ன, ஊர் என்ன, இது உங்கட பிள்ளை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று மேசைக்கு மேசை கேட்டார்கள். காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. மகளின் சட்டைக்குள் இருந்த பால்மாப் பையைத் திறந்தால் சான்றிதழ் காய்ந்துபோய், மடிப்பு மாத்திரம் தெரிய, அப்படியே இருந்தது. கீழே, சான்றிதழ் பெறுபவரின் கையொப்பம் என்ற கோட்டின்மேல், சிவலட்சுமி என்று அவள் கைப்பட எழுதியதும் இருந்தது. அவளிடமிருந்து மிஞ்சிய எழுத்து அவ்வளவுதான்.

மீளக் குடியேறி, கிடைத்த உதவிப் பணத்தில் மற்றவர்கள் ஆடு வாங்கினார்கள், தண்ணீர் இறைக்கிற மெஷின் வாங்கினார்கள். இவர் லமினேற் மெஷின் வாங்கினார். முதன்முதலாக அதற்குள் போட்டது அந்தப் பயிற்சிச் சான்றிதழைத்தான். அதற்குப் பிறகு ஊர்க் கடதாசிகள் வரிசையில் வந்தன.

சாரங்கா நன்றாகப் படித்தாள். தாயில்லாத பிள்ளை என்று யாரும் அனுதாபப்பட இடம் கொடுக்காமல் படித்தாள். பல்கலைக்கழகம் போய் சிவில் என்ஜினியராக வந்தாள். பட்டமளிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, குளித்துவிட்டு வருவதற்கிடையில் மேசையில் வைத்த சான்றிதழைக் காணவில்லை. கதிர்காமநாதன் அதைச் சைக்கிளில் கொண்டுபோய், கடையைத் திறந்து, பெரிய விழாக்களுக்கென்று எடுத்து வைத்திருந்த தடித்த உறையில் போட்டு, திரும்பியும் கொண்டுவந்துவிட்டார். ஒரு குமிழி இல்லை. ஒரு சுருக்கம் இல்லை. கண்ணாடி மாதிரி மினுங்கியது. “இனி உன்ர படிப்பும் நனையாது” என்று நீட்டினார். சாரங்கா அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். அப்பனும் மகளும் அன்றைக்குச் சந்தோசத்தில் செய்த காரியம் அது. அதில் பிழை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வேலை உடனே கிடைக்கவில்லை. ஒப்பந்தகாரர் ஒருவரிடம் வீதி வேலைக்குப் போனாள். மழை வந்தால் வேலை நிற்கும், வேலை நின்றால் சம்பளம் நிற்கும். பிறகு கட்டாரில் ஒரு கட்டுமானக் கம்பெனி இணையத்தில் நேர்முகம் வைத்து அவளைத் தெரிவு செய்தது. நிபந்தனை ஒன்றுதான். பட்டச் சான்றிதழின் மூலப்பிரதி இலங்கை வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சாலும் கொழும்பிலுள்ள கட்டார் தூதரகத்தாலும் அத்தாட்சிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். மார்கழி முடிவதற்குள் அது கைக்கு வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கதிர்காமநாதன் பிரான்சில் இருக்கிற மச்சான் ரஜிதனுக்கு போன் எடுத்தார். சிவலட்சுமியின் தம்பி அவன். உலகத்தில் எந்த விசயத்துக்கும் அவனிடம் ஒரு பதில் இருக்கும்.

“அத்தான், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அப்போஸ்ரில் எண்டு ஒண்டு இருக்கு. ஒரே ஒரு முத்திரை. அதைக் குத்தினா உலகம் முழுக்கச் செல்லும். நான் இஞ்ச எத்தினை பேருக்கு எடுத்துக் குடுத்தனான். நேர போய் அப்போஸ்ரில் தாங்கோ எண்டு கேளுங்கோ.”

அப்பனும் மகளும் விடியப் பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருக்கிற வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் அலுவலகத்துக்குப் போனார்கள். அமைச்சின் முத்திரைக்காகக் கொழும்புவரை போகத் தேவையில்லை என்பது வன்னிச் சனத்துக்குப் பெரிய ஆறுதல். மேசையில் தாட்சாயினி என்று பெயர் போட்ட உத்தியோகத்தர் இருந்தார். கதிர்காமநாதன் நெஞ்சை நிமிர்த்தி, “அப்போஸ்ரில் ஒண்டு வேணும்” என்றார், ஏதோ கடையில் சவர்க்காரம் கேட்கிற மாதிரி.

தாட்சாயினி சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். “ஐயா, அது ஒரு ஒப்பந்தத்தில சேர்ந்த நாடுகளுக்குள்ள செல்லுறது. அந்த நாடுகளுக்கு ஒரு முத்திரையோட அலுவல் முடிஞ்சுது. எங்கட நாடு அதில இல்லை, கட்டாரும் இல்லை. எங்களுக்குப் படிப்படியாத்தான் போகோணும். முதல் நாங்கள் அத்தாட்சிப்படுத்துவம். பிறகு கொழும்பில தூதரகம். அங்க போய் இறங்கினாப்போல அவையின்ர அமைச்சிலயும் ஒருக்காக் குத்தோணும்.”

“அப்ப நீங்கள் என்ர மகள் படிச்சவ எண்டு உறுதி செய்யிறியள்.”

“இல்லை ஐயா. அதைப் பல்கலைக்கழகம் சொல்லிப்போட்டுது. கீழ கையெழுத்து வைச்சிருக்கிற பதிவாளர் உண்மையான பதிவாளர்தானோ எண்டு, எங்களிட்டை இருக்கிற மாதிரிக் கையெழுத்தோட ஒப்பிட்டு நாங்கள் உறுதி செய்யிறம். எங்கட கையெழுத்தைத் தூதரகம் உறுதி செய்யும். தூதரகத்தின்ர கையெழுத்தை அவையின்ர அமைச்சு.”

கதிர்காமநாதனுக்கு இது பிடித்துப்போயிற்று. இந்தாள் இன்னார்தான் என்று சொல்ல ஒரு ஆள், அந்த ஆளையும் இன்னார்தான் என்று சொல்ல இன்னொரு ஆள். முகாமில் மேசைக்கு மேசை நின்றபோது தனக்கு இப்படி ஒருவர் இருந்திருந்தால் என்று நினைத்தார். அந்த நினைப்போடே பையிலிருந்து மகளின் சான்றிதழை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி மேசையில் வைத்தார்.

தாட்சாயினி அதைத் திருப்பினார். விரலால் ஒருமுறை தடவினார். அவருடைய முகம் மாறியதைச் சாரங்கா முதலில் கண்டாள்.

“ஆர் தங்கச்சி இதை லமினேற் பண்ணினது?”

கதிர்காமநாதன் பெருமையோடு, “நான்தான். என்ர கடையில. அதில ஒரு குமிழி காட்டுங்கோ பாப்பம்” என்றார்.

“ஐயா, வேலை வடிவாத்தான் இருக்கு. ஆனா இதில நாங்கள் சீல் குத்தேலாது. சீலும் கையெழுத்தும் பேப்பரில பிடிக்கோணும். பிளாஸ்ரிக்கில குத்தினா விரலால துடைச்சாலே போயிடும். பேப்பரைத் தொட்டுப் பாக்கவும் ஏலாது. தூதரகமும் எடுக்காது.” அவர் சான்றிதழை மெதுவாகத் திருப்பி நீட்டினார். “பிறப்புச் சான்றிதழ் எண்டாப் பிரதேச செயலகத்தில புதுப் பிரதி எடுக்கலாம், லேசு. இது பட்டம். பல்கலைக்கழகத்தோட கதைச்சுப் பாருங்கோ.”

திரும்பி வருகிற பஸ்ஸில் சாரங்கா யன்னல் பக்கம் இருந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் கதிர்காமநாதனுக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். ஆனையிறவு கடந்த பிறகு, “வெக்கையாக் கிடக்கப்பா, தண்ணி குடியுங்கோ” என்று போத்தலை நீட்டினாள். அவர் அதை வாங்கி, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். மகளின் வாழ்க்கையைத் தன் கையாலேயே ஒட்டி மூடிவிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

அடுத்த நாள் மத்தியானம் கடையின் பலகைக் கதவை இழுத்துச் சாத்தினார். சிற்றம்பலம் வெளியிலிருந்து, “என்ன லமினேற்றர், சுகமில்லையோ?” என்று கேட்டார். ஒட்டத் தெரிந்தவனுக்கு உரிக்கவும் தெரிய வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். வீட்டிலிருந்து ஸ்திரிக்கைப் பெட்டியும் துணியும் கொண்டுவந்திருந்தார். பழைய விளம்பரத் தாள் ஒன்றை லமினேற் பண்ணி, துணி போட்டுச் சூடு காட்டி, மூலையிலிருந்து மெல்ல இழுத்துப் பார்த்தார். வந்தது. நெஞ்சு துள்ளியது. இன்னொன்றும் அப்படியே வந்தது.

ஆனால் அவர் தொழில் தெரிந்த மனுசன். இவை மெல்லிய தாள்கள், இப்போது ஒட்டியவை. பட்டச் சான்றிதழ் தடித்த அட்டை, ஒட்டி ஒரு வருசம் இறுகியது. அதைத் தொட முதல் அதே மாதிரி ஒன்றில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அதே தடிப்பு, பழைய ஒட்டு. மல்லாவியில் அப்படி எத்தனையோ இருக்கும். எல்லாம் மற்றவர்களுடையவை. தன்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பது அவருக்கு முதலே தெரியும். வீட்டில் அலுமாரியின் மேல்தட்டில், சிவலட்சுமியின் சேலைக்குக் கீழே இருக்கிற அவளுடைய பயிற்சிச் சான்றிதழ்.

எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பிள்ளைக்காகத்தானப்பா கேக்கிறன்” என்று அவளுக்குச் சொன்னார். கேட்டிருந்தால் சிவலட்சுமி தானே கொண்டுவந்து கொடுத்திருப்பாள். அதை நினைத்துத்தான் ஸ்திரிக்கைப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

மூலை இளகியது. கொஞ்சம் இழுத்தார், வந்தது. இன்னும் சூடு, இன்னும் கொஞ்சம். பாதிவரை வந்த பிறகு கை கனத்தது. பார்த்தால், தாளின் மேல்தோல் பிளாஸ்ரிக்கோடு சேர்ந்து உரிந்து வந்துகொண்டிருந்தது. கையை நிறுத்துவதற்கிடையில் மிச்சமும் உரிந்துவிட்டது. பேரும் எழுத்தும் முத்திரையும் எல்லாம் பிளாஸ்ரிக்கோடு போய்விட்டன. மேசையில் கிடந்தது பஞ்சு எழும்பிய வெள்ளை மட்டை.

கதிர்காமநாதன் அழுதார். கடைக்குள் தனியாக, சத்தம் வெளியே போகாமல், வாய்க்குள் சால்வையை வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடிய ஒரு விசயம் தெளிவாயிற்று. மகளின் சான்றிதழை உரிக்கக் கூடாது. அந்த அறிவுக்கு அவர் கொடுத்த விலையை யாருக்கும் சொல்லவில்லை. பிளாஸ்ரிக்கையும் மட்டையையும் பேப்பரில் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

மற்ற நாள் காலையில் மகளோடு யாழ்ப்பாணத்தில் அவள் படித்த பல்கலைக்கழகத்துக்குப் போனார். பதிவாளர் கிளையில் இருந்த சுமித்திரா என்ற பெண்ணிடம், “பிள்ளையில பிழையில்லை, நான்தான் பழுதாக்கினது” என்று தொடங்கினார். அவர் நிமிர்ந்து பார்த்தார். “வன்னியோ ஐயா?”

“ஓம். எப்பிடித் தெரியும்?”

“உங்கட பக்கத்துப் பிள்ளையளின்ர சேட்டிபிக்கற்தான் இப்பிடி வாறது. இடம்பெயர்ந்த சனம் பேப்பரைச் சும்மா வைச்சிருக்காது.” அவர் குறைசொல்கிற குரலில் சொல்லவில்லை. “பழுதான மூலப்பிரதியை எங்களிட்டை ஒப்படைக்கோணும். என்ன நடந்தது எண்டு சமாதான நீதவானுக்கு முன்னால சத்தியக்கடதாசி முடிச்சுக் கொண்டுவாங்கோ. மேலிடம் சம்மதிச்சா இரண்டாம் பிரதி தருவம். உடன வராது. இது தொலைஞ்ச கேஸ் இல்லை, அதால கொஞ்சம் லேசு.”

சத்தியக்கடதாசியில் என்ன எழுதுவது என்று சமாதான நீதவான் கேட்டபோது, கதிர்காமநாதன் தானே சொன்னார். மேற்படி சான்றிதழைப் பாதுகாக்கும் நோக்கத்தோடு சத்தியக்கூற்றாளரின் தந்தை பிளாஸ்ரிக் உறையிட்டார். எழுதிக்கொண்டிருந்த சமாதான நீதவான், பாதுகாக்கும் நோக்கத்தோடு என்ற இடத்தில் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தார். சாரங்கா கையெழுத்து வைத்தாள். மினுங்குகிற அந்தச் சான்றிதழை ஒப்படைத்தபோது, சுமித்திரா அதன்மேல் குறிப்புத்தாள் ஒன்றை ஒட்டப் பார்த்தார். அதுவும் வழுக்கியது. கடைசியில் கோவையோடு சேர்த்துக் கட்டித்தான் வைத்தார்.

பிறகு காத்திருந்தார்கள். மாரி தொடங்கிவிட்டது. கம்பெனிக்காரர் மின்னஞ்சலில் இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள். கதிர்காமநாதன் கடையில் இருந்தபடியே ஒவ்வொரு நாளும் போனைப் பார்ப்பார். சாரங்கா தன்னுடைய பிறப்புச் சான்றிதழுக்குத் துணுக்காய்ப் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள். கேட்டவுடன் தந்தார்கள், பதிவு அவர்களிடம் இருக்கிறது. ஊரெல்லாம் பிறப்புச் சான்றிதழுக்குப் பிளாஸ்ரிக் போட்டுக் காத்தவருக்கு அது கொஞ்சம் அவமானமாகவும் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

இரண்டாம் பிரதி கார்த்திகைக் கடைசியில் வந்தது. பதிவாளரின் கையொப்பம் நீல மையில் புத்தம்புதிதாக இருந்தது. வாங்கின கையோடு கச்சேரிக்குப் போய்விடலாம் என்று வெளியே வந்தால் வானம் கொட்டிக்கொண்டிருந்தது. கதிர்காமநாதன் வாசலிலேயே நின்றுவிட்டார். கையில் வெறும் தாள். எந்த உறையும் ஒட்டாத, தண்ணீர் ஒரு சொட்டுப் பட்டால் மை கலங்கக்கூடிய தாள். எதிரே வீதி முழுக்கத் தண்ணீர்.

“அப்பா, பைல் கவருக்குள்ள வைச்சாக் காணும். வாங்கோ.”

“நில் பிள்ளை. மழை விடட்டும்.”

“அலுவலகம் பூட்டிப்போடுவினம்.”

அவர் சேட்டின் பொத்தான்களைக் கழற்றினார். சான்றிதழை இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, பைல் கவருக்குள் போட்டு, அதை நெஞ்சோடு அணைத்து, மேலே சேட்டைப் பூட்டினார். அதற்குமேல் சால்வை. முச்சக்கர வண்டிக்குள் இருந்தும் முன்னால் குனிந்தபடிதான் வந்தார். முதுகு முழுக்க நனைந்தது. சாரங்கா தன் குடையை அவருடைய முதுகுக்குப் பிடித்தாள். ஒன்பது வயதில் தன் சட்டைக்குள் இருந்த பால்மாப் பை அவளுக்கு நினைவு வந்தது.

தாட்சாயினி அவர்களை மறக்கவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார், கையொப்பத்தை ஒப்பிட்டார், பின்பக்கத்தில் முத்திரையை அழுத்திக் குத்தினார். கதிர்காமநாதன் மேசைமேல் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். மை தாளுக்குள் இறங்கிக் காய்ந்தது. “பிடிச்சிட்டுது” என்று சத்தமாகவே சொன்னார். வரிசையில் நின்ற சனம் சிரித்தது. சாரங்காவும் அன்றைக்குத்தான் கனநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

கொழும்பில் தூதரகத்தின் வேலை பிறகு ஒழுங்காக நடந்தது. கொடுத்துவிட்டு வந்து, சொன்ன நாளில் திரும்பிப் போய் எடுத்தார்கள். அமைச்சின் முத்திரைக்குப் பக்கத்தில் கட்டார் முத்திரையும் ஏறியிருந்தது. ரஜிதனுக்குப் படம் அனுப்பினார்கள். “நான் அப்பவே சொன்னனான், ஒரு முத்திரைதான் பிரச்சினை எண்டு” என்று பதில் வந்தது. அவனைத் திருத்த ஏலாது.

கடையிலும் சில மாற்றங்கள் வந்தன. முன்வாசலில் மட்டை ஒன்று தொங்கியது. வெளிநாடு போகிற யோசனை உள்ளவர்களின் சான்றிதழுக்கு லமினேற் போடப்படமாட்டாது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடு வந்த றஞ்சனி என்ற பெண்ணிடம், “பிள்ளை பெரிசாகி வெளியில போற எண்ணம் இருக்கோ?” என்று கேட்டார். பிள்ளைக்கு அப்போது பல்லே முளைக்கவில்லை. இன்னொரு நாள் சந்தை வியாபாரி ஒருவரிடம் சான்றிதழை வாங்கவே மறுத்து, பைல் கவர் விற்றுவிட்டார். லமினேற்றருக்கு வருமானம் குறைந்தது. மெஷினின் சுவிச்சைச் சில நாட்களில் போடுவதே இல்லை. போட்டாலும் அதைப் பார்க்கிற பார்வையில் பழைய உற்சாகம் இல்லை. தான் இவ்வளவு காலமும் ஊருக்குச் செய்தது உதவியா உபத்திரவமா என்ற கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது. சிற்றம்பலம்கூட அவரைப் பகிடி பண்ணுவதை விட்டுவிட்டார்.

பயணத்துக்கு முதல்நாள் சாரங்கா கடைக்கு வந்தாள். கடவுச்சீட்டுப் பிரதிகள் எடுக்க வேண்டியிருந்தது. அவர் மெஷினில் கொப்பி எடுத்துக்கொண்டிருக்க, அவள் ஸ்ரேப்ளர் தேடி மேசை லாச்சியைத் திறந்தாள். பூட்டு அன்றைக்குத் திறந்து கிடந்தது. பேப்பர்ச் சுற்று ஒன்று கையில் தட்டுப்பட்டது. விரித்தாள்.

பஞ்சு எழும்பிய மட்டை என்னவென்று முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு பிளாஸ்ரிக்கைத் தூக்கினாள். மடிப்புக் கோடுகளைக் கண்டாள். எல்லாம் விளங்கியது.

கதிர்காமநாதன் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொப்பி எடுப்பதை நிறுத்தினார். “அது பிள்ளை… உன்ரையைத் தொட முதல் பாத்தனான்” என்றார்.

சாரங்கா பிளாஸ்ரிக்கை வாசலின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். உரிந்து வந்த மேல்தோல் அதில் மெல்லிய சவ்வு மாதிரி ஒட்டியிருந்தது. வெளிப்பக்கத்தால் பார்க்க எழுத்தெல்லாம் நேராகவே தெரிந்தது. கீழே, கோட்டின்மேல், சிவலட்சுமி. ஒரு புள்ளிகூடக் கெடவில்லை. தாள்தான் போயிற்று. கையெழுத்துப் பிளாஸ்ரிக்கில் இருந்தது.

அவள் தகப்பனின் பக்கத்தில் வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்து இருந்த துண்டை மட்டும் கத்திரிக்கோலால் அளவாக வெட்டினாள். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் போய் மெஷினின் சுவிச்சைப் போட்டாள். சிவப்பு லைற் பற்றியது.

“இதுக்கு ஒருத்தரும் சீல் குத்த வரமாட்டினம் அப்பா” என்றாள். “நீங்கள் வடிவாப் போட்டுத் தாங்கோ. நான் கொண்டுபோகோணும்.”